காலசர்ப்ப தோஷம்: பயம் எவ்வளவு? கணக்கு எவ்வளவு?

பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது. பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. சீர் வரிசையும் பேசியாகிவிட்டது. நிச்சய தாம்பூலத்துக்கு நாள் குறிக்கப் போன இடத்தில் ஜோதிடர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்குகிறார். "பெண்ணுக்குக் காலசர்ப்ப தோஷம் இருக்கிறதே!" என்கிறார்.

அவ்வளவுதான். பையன் வீட்டார் முகம் மாறிவிடுகிறது. "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து போகிறார்கள். பெண்ணைப் பெற்றவர் பரிகாரத்துக்குக் கடன் வாங்கப் புறப்படுகிறார்.

இப்படி நின்றுபோன கல்யாணங்கள் எத்தனையோ! காலசர்ப்பம் என்பது என்ன? அது யாருக்கு உண்டு? அதற்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா?

பாம்பின் தலையும் வாலும்

பாற்கடல் கடைந்த கதை எல்லோருக்கும் தெரியும். தேவர் வரிசையில் ஓர் அசுரன் ஒளிந்து உட்கார்ந்து அமுதம் குடித்தான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள். திருமாலின் சக்கரம் அவன் தலையை வெட்டியது. அமுதம் உண்டதால் அவன் சாகவில்லை. தலை ராகு ஆயிற்று. உடல் கேது ஆயிற்று. அந்தப் பகையால்தான் அவை சூரிய சந்திரரை அவ்வப்போது விழுங்குகின்றன என்பது கதை.

வானக் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. வானத்தில் சூரியன் போவதாகத் தோன்றும் பாதை ஒன்று. சந்திரன் போகும் பாதை இன்னொன்று. இரண்டும் சற்றுச் சாய்வாக ஒன்றையொன்று இரண்டு இடங்களில் வெட்டுகின்றன. ஓர் இடத்துக்கு ராகு என்று பெயர். எதிர்ப்பக்கத்து இடத்துக்குக் கேது என்று பெயர். அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, ஒளியும் இல்லை. இரண்டு சாலைகள் குறுக்கிடும் சந்திப்பு போல அவை வெறும் இடங்கள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்தச் சந்திப்புக்கு அருகில் வந்தால் கிரகணம் உண்டாகிறது. பஞ்சாங்கம் கணிப்பவர்களுக்கு ராகு கேது தேவைப்படுவது இதனால்தான்.

ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிராகவே இருக்கும். ராகு முதல் கட்டத்தில் இருந்தால் கேது ஏழாம் கட்டத்தில் இருக்கும். மற்ற கிரகங்கள் முன்னோக்கிப் போக, இவை பின்னோக்கி நகரும். ஒரு ராசியைக் கடக்க ஒன்றரை ஆண்டு. ஒரு முழுச் சுற்றுக்கு 18 ஆண்டு 7 மாதம் ஆகும்.

சுவர்க் கடிகாரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 12-ல் ராகு, 6-ல் கேது. நடுவே ஒரு கோடு. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஏழும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டால் அதுதான் காலசர்ப்ப யோகம். பாம்பின் தலைக்கும் வாலுக்கும் நடுவே எல்லாக் கிரகங்களும் அகப்பட்டுக்கொண்டன என்பது பொருள்.

யோகம் என்றால் சேர்க்கை. அந்தச் சொல்லில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் பலரும் அதை "தோஷம்" என்றே சொல்கிறார்கள். கல்யாணம் தாமதமாகும், குழந்தை பிறக்காது, உழைப்புக்குப் பலன் கிடைக்காது என்றெல்லாம் பலன் சொல்கிறார்கள்.

பழைய நூல்கள் என்ன சொல்கின்றன?

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. ஜோதிடத்துக்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக் காட்டும் பழைய நூல்களில் காலசர்ப்ப யோகம் என்பதே கிடையாது.

ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் வராகமிகிரர். அவர் எழுதிய பிருகத் ஜாதகம் இன்றும் ஜோதிட மாணவர்களுக்குப் பாடநூல். அதில் காலசர்ப்பம் இல்லை. பின்னால் வந்த சாராவளியிலும் இல்லை. மந்திரேசுவரரின் பலதீபிகையிலும் இல்லை.

பழைய நூல்களில் "சர்ப்ப யோகம்" என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. பாவக் கிரகங்கள் கேந்திர ஸ்தானங்களில், அதாவது லக்கினத்திலிருந்து 1, 4, 7, 10-ம் இடங்களில் நிற்பதை வைத்துச் சொல்வது அது. ராகுவுக்கும் கேதுவுக்கும் நடுவே ஏழு கிரகங்கள் அகப்படுவது பற்றிய பேச்சு அதில் இல்லை.

காலசர்ப்பம் பிற்காலத்தில் சேர்ந்த வழக்கம். அதனால்தான் அதற்கு ஒரே விதியும் இல்லை. கிரகங்கள் ராகுவை நோக்கிப் போனால்தான் தோஷம் என்பார் ஒருவர். எந்தப் பக்கம் போனாலும் தோஷம் என்பார் மற்றொருவர். ஒரு கிரகம் வெளியே நின்றாலும் "பாதி தோஷம்" என்பார் மூன்றாமவர்.

ஜோதிட ஆசிரியர்களிலேயே இந்தப் பயத்தைக் கண்டித்தவர்கள் உண்டு. டில்லியில் பல ஆண்டுகள் ஜோதிடம் கற்பித்த கே. என். ராவ், காலசர்ப்பத்துக்கு ஏன் இவ்வளவு பீதி என்று கேட்டுத் தனிப் புத்தகமே எழுதினார். அவர் ஜோதிடத்தை மறுப்பவர் அல்லர், அதை நம்புகிறவர்தான்.

எத்தனை பேருக்கு இது இருக்கும்?

காலசர்ப்பம் அபூர்வமான ஒன்று, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பயம் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வானத்தில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. சுக்கிரன் 48 பாகைக்கு மேல் விலகாது. ஆகையால் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே குடும்பம் போல ஒரே பக்கத்தில் இருக்கும். மற்றவை நான்கு: சந்திரன், செவ்வாய், குரு, சனி. இந்த நான்கும் சூரியன் இருக்கும் பக்கத்துக்கே வர வேண்டும்.

சந்திரன் அந்தப் பக்கம் இருக்கப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டினால் பூ விழுவதற்குப் பாதி வாய்ப்பு இருப்பது போலத்தான். செவ்வாய்க்கும் அப்படியே; குருவுக்கும் சனிக்கும் அப்படியே. நான்கு காசைச் சுண்டி நான்கிலும் பூ விழ வேண்டும். 2, 4, 8, 16 என்று பெருக்கினால் 16 தடவையில் ஒரு தடவை அப்படி விழும். புதனோ சுக்கிரனோ சில சமயம் கோட்டைத் தாண்டி நின்றுவிடுவதால் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும். ஆக, பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், சுமாராக 20 ஜாதகத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இருபதில் ஒன்று என்றால் என்ன அர்த்தம்? ஆயிரம் பேர் உள்ள கிராமத்தில் ஐம்பது பேர். நிறைந்து போகும் ஒரு பஸ்ஸில் இரண்டு மூன்று பேர். அவர்கள் எல்லோருக்கும் கல்யாணம் நின்றுவிட்டதா? எல்லோரும் பிள்ளையில்லாமல் இருக்கிறார்களா? அக்கம்பக்கத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. குருவும் சனியும் மெதுவாக நகர்பவை. அவை கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் காலம் முழுவதும் உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் காலசர்ப்பம் வராது. அவை ஒரே பக்கம் வந்து, சூரியனும் செவ்வாயும் அங்கே சேர்ந்துகொண்டால், சந்திரன் அந்தப் பக்கத்தில் உலவும் நாட்களில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும். சந்திரன் ஒரு சுற்றுக்கு 27 நாள் எடுக்கிறது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 13 நாள் இருக்கும்.

இந்தியாவில் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 13 நாளில் ஏறத்தாழ 8 லட்சம்! பணக்கார வீட்டுப் பிள்ளை, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, நோஞ்சான், பலசாலி எல்லோருக்கும் ஒரே காலசர்ப்பம். 8 லட்சம் பேருக்கும் ஒரே விதியா?

சுதந்திர தினத்து வானம்

எடுத்துக்காட்டாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளைப் பார்க்கலாம். 1947 ஆகஸ்ட் 14 முடிந்து 15 பிறந்த நள்ளிரவு. பாரதம் விடுதலை பெற்ற நேரம்.

அன்று ராகு ரிஷபத்தில், கேது விருச்சிகத்தில். செவ்வாய் மிதுனத்தில். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி ஆகிய ஐந்தும் கடகத்தில். குரு துலாத்தில். ரிஷபத்திலிருந்து விருச்சிகம் வரை எண்ணிப் பாருங்கள். ஏழும் நடுவே அடக்கம்! சுதந்திர பாரதத்தின் ஜாதகமே காலசர்ப்ப ஜாதகம்.

பிரிவினைத் துயரம், போர்கள், பஞ்சம் ஆகியவற்றைக் காட்டி, "பார்த்தீர்களா, காலசர்ப்பத்தின் வேலை!" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் அந்த நாடு துண்டு துண்டாகாமல் நிற்பதும், தேர்தல்கள் நடப்பதும், பஞ்சம் போய் நெல்லும் கோதுமையும் குவிந்ததும் எதன் வேலை?

அதே நள்ளிரவில் பாகிஸ்தானும் தனி நாடாயிற்று. கராச்சிக்கு மேலே இருந்ததும் டில்லிக்கு மேலே இருந்த அதே வானம்தான். ஏழு கிரகங்களும் அங்கேயும் ராகு கேதுவின் நடுவேதான். ஆனால் இரண்டு நாடுகளின் கதையும் ஒன்றாகவா நடந்தது? பாகிஸ்தானில் 1958-ல் ராணுவ ஆட்சி வந்தது. 1971-ல் நாடே இரண்டாகப் பிரிந்தது. பாரதத்தில் அப்படி நடக்கவில்லை. ஒரே காலசர்ப்பம், இரண்டு வாழ்க்கை.

நாடுகளை விடுங்கள். அந்த ஆகஸ்ட் 11-ம் தேதியிலிருந்து 22-ம் தேதி வரை சந்திரன் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அந்த 12 நாட்களில் பிறந்த லட்சக்கணக்கான குழந்தைகள் எல்லோரும் காலசர்ப்பக்காரர்கள். அவர்களில் இன்று இருப்பவர்கள் எழுபதைத் தாண்டிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

நேருவின் ஜாதகத்தில் ஒரு பாடம்

காலசர்ப்பத்துக்கு உதாரணமாகப் பலரும் காட்டும் ஜாதகம் பண்டித நேருவின் ஜாதகம். அவர் 1889 நவம்பர் 14-ல் அலகாபாத்தில் பிறந்தார்.

அவர் ஜாதகக் கட்டத்தில் ராகு மிதுனத்தில் இருக்கிறது. கேது தனுசில் இருக்கிறது. நடுவே சந்திரன் கடகத்தில், சனி சிம்மத்தில், செவ்வாய் கன்னியில், புதனும் சுக்கிரனும் துலாத்தில். சூரியன் துலாத்தைக் கடந்து விருச்சிகத்தில் நுழையும் இடத்தில். குரு தனுசில், கேதுவோடு ஒரே கட்டத்தில். கட்டத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் நடுவே அடைபட்டது போலத்தான் தெரியும்.

ஆனால் ஒரு கட்டம் என்பது 30 பாகை. அதற்குள் யார் முன்னே, யார் பின்னே என்று பார்க்க வேண்டும். கேது தனுசில் 13-ம் பாகையில் இருக்கிறது. குருவோ 15 பாகையைத் தாண்டி நிற்கிறது. அதாவது குரு கேதுவைக் கடந்து வெளியே வந்துவிட்டது! பாகைக் கணக்கில் பார்த்தால் நேருவுக்குக் காலசர்ப்பமே இல்லை.

இதைப் பாராமல், "காலசர்ப்பம் இருந்ததால்தான் ஏறத்தாழ 9 ஆண்டு சிறையில் கிடந்தார்" என்று ஒரு சாரார் சொன்னார்கள். "காலசர்ப்பம் இருந்ததால்தான் பிரதமர் ஆகி 16 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்" என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். இல்லாத ஒன்றுக்கு இரண்டு பலன்! தாழ்ந்தாலும் அதுவே காரணம், உயர்ந்தாலும் அதுவே காரணம் என்றால், அதைக் கொண்டு முன்கூட்டி எதைச் சொல்ல முடியும்?

நீங்களே பார்க்கலாம்

வீட்டில் யாருக்காவது காலசர்ப்பம் என்று சொல்லியிருந்தால் ஜாதகத்தை எடுத்து விரியுங்கள். ராகு எழுதிய கட்டத்தைத் தேடுங்கள். அங்கிருந்து வலமாக ஒவ்வொரு கட்டமாகக் கேது வரை எண்ணுங்கள். ஏழு கிரகங்களும் அந்த வழியிலேயே இருக்கின்றனவா? இல்லாவிட்டால் கேதுவிலிருந்து வலமாக ராகு வரை எண்ணுங்கள். ஏழும் அங்கே இருக்கின்றனவா? இரண்டு பக்கத்திலும் கிரகங்கள் கலந்து நின்றால் காலசர்ப்பம் இல்லை. "ல" என்று எழுதிய லக்கினமும், "மா" என்று எழுதிய மாந்தியும் இந்தக் கணக்கில் சேரா.

ராகுவோடு அல்லது கேதுவோடு ஒரே கட்டத்தில் வேறு கிரகம் இருந்தால் அங்கே நிற்க வேண்டும். "ஸ்புடம் என்ன?" என்று ஜோதிடரைக் கேளுங்கள். ஸ்புடம் என்றால் பாகைக் கணக்கு. நேருவின் ஜாதகத்தில் குரு தப்பியது போல உங்கள் வீட்டு ஜாதகத்திலும் ஒரு கிரகம் தப்பி இருக்கலாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில கிரகங்களில் பாகை வித்தியாசம் வரும். ஒன்றில் "இருக்கிறது" என்றும் மற்றொன்றில் "இல்லை" என்றும் வந்தால், அந்தத் தோஷம் வானத்தில் இல்லை, கணிதத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, பாகைப்படியும் ஏழும் அடைபட்டே இருக்கின்றன. அப்போது? ஜோதிட முறைப்படியே கூட ஒரு ஜாதகத்தை அது ஒன்றை வைத்து முடிவு கட்டுவதில்லை. லக்கினாதிபதி பலமாக இருக்கிறாரா, சந்திரன் எப்படி, ஏழாம் இடம் எப்படி, இப்போது நடக்கும் தசை எது என்று பார்த்த பிறகுதான் பலன் சொல்வது வழக்கம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "காலசர்ப்பம், கல்யாணம் வேண்டாம்" என்று சொல்பவர் அவருடைய சாஸ்திரத்தையே முழுதாகப் பார்க்கவில்லை.

"33 வயதுவரை கஷ்டம், பிறகு சுகம்" என்று சொல்வதும் உண்டு. அது பலிப்பது போலவும் தோன்றும். ஏன் தெரியுமா? தோஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபதுகளில் வேலை தேடி அலைவதும், முப்பதுக்கு மேல் ஓரளவு நிலைப்பதும் பெரும்பாலோர் வாழ்க்கையில் நடப்பதுதானே!

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

ஜாதகம் முழுவதையுமே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர் 2008-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார். கெட்டிக்கார மாணவர்கள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டினார். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகம் கொடுத்து, எது எந்தப் பிள்ளையுடையது என்று சொல்லச் சொன்னார். 27 ஜோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். சராசரியாகப் பார்த்தால் பாதிக்கும் குறைவாகவே சரியாக இருந்தது. காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் பாதி சரியாக இருந்திருக்கும்.

இது காலசர்ப்பத்துக்கென்று நடத்திய சோதனை அல்ல. ஆனால் முழு ஜாதகத்தைப் பார்த்தே பிள்ளையின் அறிவைச் சொல்ல முடியவில்லை என்றால், அதில் ஒரு கோட்டை மட்டும் பார்த்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்வது எப்படி?

பரிகாரம் என்ற பெயரில்

திருநாகேஸ்வரம், காளஹஸ்தி போன்ற தலங்களுக்குப் போவது அவரவர் பக்தி. மனத்துக்கு ஆறுதல் தந்தால் போய் வரட்டும். கோயிலுக்குப் போவது வேறு, பயந்து கடன்படுவது வேறு. காளஹஸ்தியில் ராகு கேது பூஜைக்குத் தேவஸ்தானமே சீட்டுக் கொடுக்கிறது; இடையில் யாரும் தரகர் வேண்டியதில்லை.

ஏமாற்றுகிறவரை அடையாளம் காண்பது கடினம் அல்ல. பாகையைப் பார்க்காமலே "தோஷம்" என்பார். அதே மூச்சில் பரிகாரச் செலவையும் சொல்வார். இன்றே செய்யாவிட்டால் ஆபத்து என்பார். ஒரு பரிகாரம் முடிந்ததும் இன்னொரு தோஷத்தைக் கண்டுபிடிப்பார். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே எழுந்து வந்துவிடலாம்.

பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள் விசாரிக்க வேண்டியவை வேறு. பையன் குடிப்பானா? கடன் இருக்கிறதா? வேலை நிலையானதா? வீட்டில் மருமகளை எப்படி நடத்துவார்கள்? இவற்றை விசாரிக்க ஒரு வாரம் ஆகும். ராகு கேது நடுவே யார் அகப்பட்டார்கள் என்று எண்ண ஐந்து நிமிஷம் போதும். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த நேரக் கணக்கே சொல்லிவிடும்.